ஒரே மேட்ச், மூணு பிபிடிஏ: எந்த எண்ணை எடுத்துக்கிறது?

வலதுபக்கம்_7 | 3 பிப்ரவரி, இரவு 9:40

பிபிடிஏன்னா நம்ம டீமோட ஒரு தடுப்புச் செயலுக்கு எதிரணி எத்தனை பாஸ் ஆடுதுங்கற ஃபுட்பால் கணக்கு. ஒரே மேட்சுக்கு அண்டர்ஸ்டாட் தளத்துல ஒரு பிபிடிஏ, ஆப்டா கிராஃபிக்ல வேற ஒண்ணு, ஃப்ரெண்ட் பைத்தான்ல போட்டது மூணாவது. ஒண்ணு 14 கிட்ட இருக்கு, இன்னொண்ணு 9. எண் குறைஞ்சா பிரஸ், அதாவது பந்தைப் பிடுங்க எதிரணியை நெருக்கறது, தீவிரம்னு தெரியும். ஆனா 14ன்னா அந்த டீம் சும்மா நின்னுச்சுன்னு அர்த்தம், 9ன்னா விரட்டி விரட்டி ஆடிச்சுன்னு அர்த்தம். ரெண்டும் ஒரே டீமுக்கு எப்படி வரும்? யாரோட கணக்கு தப்பு?

செங்குத்துப்பாஸ் | 3 பிப்ரவரி, இரவு 10:25

யார் கணக்கும் தப்பில்லை. மூவரும் மைதானத்தை வெவ்வேறு இடத்தில் வெட்டுகிறார்கள்.

காலின் டிரெய்னர் 2014-ல் இந்த அளவை முன்வைத்தபோது, பிரஸ் செய்யும் அணியின் கோலுக்கு அருகே உள்ள 40 சதவீதத்தை ஒதுக்கிவிட்டார். மீதி 60 சதவீதத்தில் எதிரணி ஆடிய பாஸ்கள் வகுத்தலில் மேலே. அதே பகுதியில் நம் அணியின் டாக்கிள், இன்டர்செப்ஷன், தோற்ற சேலஞ்ச், ஃபவுல் நான்கும் சேர்ந்து கீழே. அண்டர்ஸ்டாட் எதிரணியின் பாதியை மட்டும் எடுக்கிறது. ஆப்டாவின் விளக்கப்படி நம் அணியின் கடைசி மூன்றிலொரு பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் கணக்கில் வரும்.

இதனால் எவ்வளவு மாறும் என்று பார்க்க, கையால் எழுதிய ஒரு மாதிரிக் கணக்கு. எதிரணி தன் பாதிக்குள் 260 பாஸ் ஆடுகிறது. பாதிக்கோட்டைத் தாண்டி 60 சதவீதக் கோடு வரை இன்னும் 60 பாஸ். அதற்கப்பால் மூன்றில் இரண்டு பங்கு முடியும் வரை இன்னும் 40. நம் தடுப்புச் செயல்கள் அதே மூன்று பட்டைகளில் 18, 12, 10.

பாதி மட்டும் எடுத்தால் 260/18, அதாவது 14.4. 60 சதவீதம் எடுத்தால் 320/30, 10.7. மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் 360/40, சரியாக 9. ஆட்டம் ஒன்றுதான், ஒரு டாக்கிள்கூட மாறவில்லை.

நம் கோலை நோக்கி வர வர, பாஸ் ஒன்றுக்கு விழும் டாக்கிளும் ஃபவுலும் பெரும்பாலும் அடர்த்தியாகும். அதனால் கோட்டைப் பின்னால் தள்ளத் தள்ள எண் இறங்கும். 14 என்றால் சோம்பல், 9 என்றால் வேகம் என்று பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரே இடத்தில் எடுத்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம், அவ்வளவுதான்.

நள்ளிரவு_கிக் | 3 பிப்ரவரி, இரவு 11:52

எங்க டீம் சராசரியா 4 பாஸ்ல பந்தைப் பிடுங்கிடுது. அப்ப எங்க பிபிடிஏ 4 தானே? ப்ரீமியர் லீக்ல யாருக்கும் 4 இல்லையே.

குறுக்குக்கோடு | 4 பிப்ரவரி, காலை 7:15

கோடு எங்கே போட்டாலும் ஒரு விஷயம் உறுதி. பாஸ் எண்ணிக்கை மேலே இருப்பதால் பொசஷன் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. வெறும் டாக்கிளை எண்ணினால், பந்து தன்னிடமே இருக்கிற அணிக்கு டாக்கிள் குறைவாக வரும், நியாயமில்லை. பிபிடிஏ-வில் அந்தச் சாய்வு இல்லை. ஆகவே ஒரே தளத்தின் எண் என்றால் எந்த அணியையும் எந்த அணியோடும் தயங்காமல் ஒப்பிடலாம்.

செங்குத்துப்பாஸ் | 4 பிப்ரவரி, காலை 8:50

@நள்ளிரவு_கிக்: நீங்கள் சொல்வது வேறு அளவு. எத்தனை பாஸ் கழித்துப் பந்து நம்மிடம் வருகிறது என்பது அது. பிபிடிஏ-வின் கீழ் எண்ணில் பந்தைப் பிடுங்காத செயலும் சேரும். ஃபவுல் செய்தால் பந்து எதிரணியிடமேதான் இருக்கும், ஆனாலும் ஒரு செயல். டாக்கிளுக்குப் போய் ஏமாந்தாலும் ஒரு செயல். மறுபக்கம், எதிரணி பந்தை வெளியே அடித்துக் கொடுத்தால் பந்து உங்களுக்கு வருகிறது, ஆனால் செயல் எதுவும் பதிவாகாது. இரண்டும் ஒரே எண்ணாக வர வேண்டிய கட்டாயம் இல்லை.

@குறுக்குக்கோடு: பாதி வரை நீங்கள் சொன்னது சரி. பந்து யாரிடம் எவ்வளவு நேரம் இருந்தது என்ற சாய்வை இந்த வகுத்தல் எடுத்துவிடுகிறது. எதிரணி எப்படி ஆடுகிறது என்ற சாய்வு அப்படியே இருக்கிறது. கோல்கீப்பர் கையில் பந்து வந்ததும் நீளமாக அடிக்கிற அணியை எடுங்கள். பின்னால் நான்கு பேர் தட்டிக்கொண்டிருக்கும் பாஸ்களே அங்கே இல்லை, மேல் எண் சிறுத்துவிடும். நீங்கள் பிரஸ்ஸே செய்யாமல் நடுவில் நின்றாலும் உங்கள் பிபிடிஏ நன்றாகத் தெரியலாம். அடுத்த வாரம் சென்டர் பேக்குகள் இருவரும் கீப்பரும் முக்கோணம் போட்டு ஆடும் அணியோடு மோதுங்கள், அதே உழைப்புக்கு எண் ஏறிவிடும். அதனால் எதிரணி பெயரைப் பக்கத்தில் எழுதாமல் ஒரு ஆட்டத்தின் பிபிடிஏ-வை நான் ஏற்பதில்லை.

தரவுத்தோழி | 4 பிப்ரவரி, மாலை 6:05

தளங்களை நம்பறதை விட நீங்களே ஒரு மேட்சுக்குப் போட்டுப் பாருங்க, எங்க என்ன மாறுதுன்னு கண்ணால தெரியும். ஸ்டேட்ஸ்பாம் இலவசமா விட்டிருக்கிற டேட்டால 2022 உலகக் கோப்பை ஃபைனல் இருக்கு.

```python
from statsbombpy import sb
ev = sb.events(match_id=3869685)
ev = ev[ev.period < 5]
ev["x"] = ev.location.str[0]
if "foul_committed_offensive" in ev:
    ev = ev[ev.foul_committed_offensive != True]

def ppda(ev, team):
    p = ev[(ev.team != team) & (ev.type == "Pass") & (ev.x < 72)]
    d = ev[(ev.team == team) & (ev.x > 48)]
    n = ((d.type == "Interception")
         | (d.duel_type == "Tackle")
         | (d.type == "Dribbled Past")
         | (d.type == "Foul Committed")).sum()
    return len(p), n, len(p) / n

print(ppda(ev, "Argentina"), ppda(ev, "France"))
```

அஞ்சாவது பீரியட்னா பெனால்டி ஷூட் அவுட், அதை முதல்லயே வெட்டிட்டேன். நடுவுல இருக்கிற `if` எதுக்குன்னா, ஸ்ட்ரைக்கர் அட்டாக் பண்ணும்போது பண்ற ஃபவுலும் `Foul Committed`னுதான் வரும். அது தடுப்புச் செயல் இல்ல. அப்படி ஒரு ஃபவுல்கூட இல்லாத மேட்ச்ல அந்த நெடுவரிசையே இருக்காது, அதனாலதான் இருக்கான்னு கேட்டுட்டு எடுக்கறேன்.

விகிதத்தை மட்டும் திருப்பித் தராம மூணு எண்ணையும் தர வெச்சிருக்கேன். கீழ் எண் தெரியாம பிபிடிஏ-வைப் பார்க்காதீங்க.

வலதுபக்கம்_7 | 4 பிப்ரவரி, இரவு 10:30

அக்கா, ஒரு டவுட். அர்ஜென்டினாவோட செயலுக்கு `x > 48`, ஆனா ஃபிரான்ஸ் பாஸுக்கு `x < 72`. ரெண்டும் ஒரே பகுதின்னா ரெண்டுக்கும் ஒரே பக்கம்தானே வரணும்? நான் பாஸையும் `x > 48`ன்னு மாத்தினேன், ரன் ஆகுது, எர்ரர் எதுவும் வரல. ஆனா எண் வேற.

தரவுத்தோழி | 5 பிப்ரவரி, காலை 6:40

தம்பி, எர்ரர் வராது, அதுதான் இதுல ஆபத்து. இந்த டேட்டால மைதானம் 120-க்கு 80. யார் அந்தச் செயலைப் பண்றாங்களோ அவங்க இடமிருந்து வலமா அட்டாக் பண்றதா வெச்சுதான் `x` எழுதியிருப்பாங்க. ஃபிரான்ஸ் பாஸுக்கு 0ன்னா ஃபிரான்ஸ் கோல் லைன். அர்ஜென்டினா டாக்கிளுக்கு 0ன்னா அர்ஜென்டினா கோல் லைன். ஒரே புல்லு, ரெண்டு அளவுநாடா, எதிரெதிர் முனையிலேர்ந்து பிடிச்சிருக்கு. 120-லேர்ந்து 48 போனா 72, அதனாலதான் அந்த ஜோடி.

நீங்க மாத்தினதுல ஃபிரான்ஸ் தன் பின்வரிசைல ஆடின பாஸெல்லாம் போயி, அர்ஜென்டினா கோல் பக்கம் ஆடின பாஸ் உள்ள வந்திருக்கும். சந்தேகம் வந்தா கோல்கீப்பரைத் தேடுங்க:

```python
ev[(ev.player == "Hugo Lloris") & (ev.type == "Pass")].x.describe()
```

லோரிஸ் பாஸ் எல்லாம் 0 பக்கத்துல கொத்தா நிக்கும். அர்ஜென்டினாவுக்குப் போடற மேல் எண்ல லோரிஸ் பாஸ் இல்லன்னா பக்கம் மாறிப் போச்சுன்னு அர்த்தம். ஆப்டா மாதிரி 100-க்கு 100 டேட்டாவா இருந்தா அதே ஜோடி 40, 60.

பயிற்சிக்களம் | 5 பிப்ரவரி, மதியம் 1:20

கல்லூரி அணிக்குப் பயிற்சி தருகிறேன். எங்களுக்கு டேட்டா எல்லாம் கிடையாது, ஒரு மொபைல், ஒரு ட்ரைபாட். வீடியோவைப் பார்த்துக் கையால் எண்ணலாமா? 60 சதவீதக் கோட்டை வீடியோவில் எப்படிப் பிடிப்பது?

செங்குத்துப்பாஸ் | 5 பிப்ரவரி, இரவு 9:10

எண்ணலாம் சார். கோடு ஏற்கெனவே மைதானத்தில் கிட்டத்தட்ட வரைந்தே இருக்கிறது. 105 மீட்டர் மைதானத்தில் எதிரணி கோல் லைனிலிருந்து 60 சதவீதம் என்பது 63 மீட்டர். பாதிக்கோடு 52.5 மீட்டரில். ஆக உங்கள் பாதிக்குள் பத்தரை மீட்டர். நடுவட்டத்தின் ஆரம் 9.15 மீட்டர். உங்கள் கோல் பக்கம் இருக்கும் வட்டத்தின் விளிம்பிலிருந்து ஒரு நீண்ட எட்டு வைத்தால் அதுதான் கோடு. ஆட்டத்துக்கு முன்னால் அந்த நேரில் இரண்டு டச் லைனுக்கும் வெளியே ஒரு கூம்பு வையுங்கள், வீடியோவில் தெரியும். இரண்டாம் பாதியில் பக்கம் மாறும், கூம்பும் மாற வேண்டும்.

பாஸ் எங்கிருந்து கிளம்பியது என்பதை வைத்து எண்ணுங்கள், எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அல்ல. கோட்டுக்கு அப்பாலிருந்து உங்கள் பெனால்டி பாக்ஸ் வரை வந்த நீளமான பந்தும் ஒரு பாஸ்தான்.

தகராறு வருவது இன்டர்செப்ஷனில். எதிரணி பாஸின் பாதைக்குள் உங்கள் ஆள் நகர்ந்து வந்து எடுத்தால் இன்டர்செப்ஷன். பாஸ் தானே தப்பாக வந்து நின்ற இடத்தில் காலில் பட்டால் அது ரெக்கவரி, எண்ணக்கூடாது. இதை ஒருவர் தாராளமாகவும் ஒருவர் கறாராகவும் எண்ணினால் மொத்தமும் கெட்டுவிடும். எண்ணப் போகும் இருவரையும் ஒரே 15 நிமிடத்தைத் தனித்தனியாக எண்ணச் சொல்லுங்கள். பாஸில் இரண்டு மூன்று வித்தியாசம் பரவாயில்லை. செயலில் இரண்டு வித்தியாசம் வந்தாலே உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். 40 பாஸுக்கு 4 செயல் என்றால் 10. அதே 40-க்கு 5 என்றால் 8. 3 என்றால் 13.3. ஒரு இன்டர்செப்ஷனை எண்ணுவதா வேண்டாமா என்ற முடிவு இவ்வளவு தூரம் தள்ளும்.

குறுக்குக்கோடு | 6 பிப்ரவரி, காலை 7:30

அப்படியானால் 15 நிமிடத் துண்டுகளாகப் போடும் வரைபடங்களை என்ன செய்வது? எல்லா இடத்திலும் அதுதானே இப்போது.

தரவுத்தோழி | 6 பிப்ரவரி, காலை 9:05

கடிகாரத்தை வெச்சு வெட்டறதை விட ஸ்கோரை வெச்சு வெட்டுங்க. அந்த ஃபைனலையே எடுங்க. மெஸ்ஸி பெனால்டி 23, டி மரியா 36, அதோட 2-0. 41-லயே டெஷாம் ஜிரூவையும் டெம்பெலேயையும் எடுத்துட்டு துராம், கோலோ முவானியை விட்டாரு. 64-ல டி மரியா வெளிய. எம்பாப்பே 80, 81. மூணு தனி மேட்ச் மாதிரி இருந்ததை 120 நிமிஷத்துக்கு ஒரே பிபிடிஏ-வா போட்டா எதையுமே சொல்லாது. 36-லேர்ந்து 80 வரை ஒரு துண்டு, 81-லேர்ந்து மெஸ்ஸியோட 108 வரை ஒரு துண்டுன்னு வெட்டினா, ஒவ்வொண்ணுலயும் கீழ் எண் ஓரளவு பெருசா இருக்கும், துண்டுக்கு ஒரு காரணமும் இருக்கும்.

15 நிமிஷமாவே வெட்டறீங்கன்னா `period`-ஐயும் சேர்த்து வெட்டணும். முதல் பாதி இஞ்சுரி டைம்லயும் `minute` 45, 46, 47ன்னு ஓடும், ரெண்டாவது பாதியும் 45-லதான் ஆரம்பிக்கும். `minute` மட்டும் பார்த்தா ரெண்டும் ஒண்ணா கலந்துடும். அப்புறம் டிவில 23-வது நிமிஷம்னு காட்டற கோல் டேட்டால 22ன்னு இருக்கும், பூஜ்யத்துலேர்ந்து எண்ணறதால.

வலதுபக்கம்_7 | 6 பிப்ரவரி, மாலை 5:45

சீசன் முழுசுக்கும் போட மேட்ச் மேட்சா பிபிடிஏ எடுத்து சராசரி போட்டேன். தளத்துல இருக்கிறதை விட அதிகமா வருது. ஏன்?

செங்குத்துப்பாஸ் | 6 பிப்ரவரி, இரவு 8:20

விகிதங்களைச் சராசரி போடக்கூடாது. ஒரு ஆட்டத்தில் 300/30, அதாவது 10. இன்னொன்றில் சீக்கிரமே கோல் அடித்துவிட்டுப் பின்வாங்கி உட்கார்ந்தார்கள், 240/8, அதாவது 30. சராசரி 20. ஆனால் மொத்தப் பாஸ் 540, மொத்தச் செயல் 38, வகுத்தால் 14.2. செயல் குறைவாக இருந்த ஆட்டம்தான் சராசரியை மேலே இழுத்துக்கொண்டு போகிறது. அண்டர்ஸ்டாட்டின் அணிப் பக்கத் தரவில் `ppda`-வுக்குள் `att`, `def` என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் சீசன் முழுக்கக் கூட்டிவிட்டுக் கடைசியில் ஒருமுறை வகுங்கள்.

குறுக்குக்கோடு | 7 பிப்ரவரி, காலை 7:50

இவ்வளவு சொன்ன பிறகு எனக்கு ஒன்று உறுத்துகிறது. ஃபவுலை ஏன் சேர்க்க வேண்டும்? விசிலைக் குறைவாக ஊதும் ரெஃப்ரீ வந்தால் பிபிடிஏ ஏறும், அதிகமாக ஊதினால் இறங்கும். பிரஸ்ஸை அளக்கிறோமா, ரெஃப்ரீயை அளக்கிறோமா?

பயிற்சிக்களம் | 7 பிப்ரவரி, மதியம் 12:40

களத்தில் நிற்பவனாகச் சொல்கிறேன், ஃபவுல் சேர வேண்டும். பிரஸ் உடைந்து எதிரணி திரும்பி ஓடப் போகும் அந்தக் கணத்தில் சட்டையைப் பிடித்து நிறுத்துவது பிரஸ்ஸின் பகுதிதான். அதைச் சொல்லிக் கொடுத்தே அனுப்புகிற அணிகள் உண்டு. எடுத்துவிட்டால் அந்த உழைப்பு தெரியாமல் போகும். எனக்கு வேறு குறை இருக்கிறது. என் பையன்கள் மிக நன்றாகப் பிரஸ் செய்த 20 நிமிடத்தை நேற்று எண்ணினேன். செயல் 3 மட்டுமே. எதிரணி சென்டர் பேக் தலை நிமிர்ந்தால் கொடுக்க ஆள் இல்லை, நேராக வெளியே அடித்தான், திரும்பத் திரும்ப. பிபிடிஏ-வைப் பார்த்தால் சுமாராகத்தான் ஆடினோம்.

செங்குத்துப்பாஸ் | 7 பிப்ரவரி, இரவு 9:35

சார் சொன்னதுதான் இந்த அளவின் பெரிய ஓட்டை. பிரஸ் கச்சிதமாக இருந்தால் டாக்கிளுக்கே வேலை இல்லை. பாஸ் வழிகளை அடைத்ததற்கும், கட்டாயப்படுத்தி அடிக்க வைத்ததற்கும் எந்தப் பதிவும் விழாது. பிபிடிஏ பார்ப்பது உரசலை. உரசாமலே எதிரணியைத் திணறடித்ததை அது பார்க்காது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பியெல்சாவின் லீட்ஸ் மைதானம் முழுக்க ஆளுக்கு ஆள் மார்க் செய்தது. எங்கே பந்து போனாலும் ஒருவர் ஒட்டிக்கொண்டே இருப்பார், டாக்கிளும் ஃபவுலும் ஏமாந்த சேலஞ்சும் தானாகக் குவியும், பிபிடிஏ கீழே இறங்கும். 2020-21 ப்ரீமியர் லீக்கில் அவர்கள் 9-வது இடம், அடித்தது 62, வாங்கியது 54. தீவிரம் எவ்வளவு என்பதற்கு பிபிடிஏ அங்கே நேர்மையான பதில். அந்தத் தீவிரம் பலித்ததா என்பதற்கு அது பதிலே இல்லை. ஏமாந்த சேலஞ்சும் ஜெயித்த டாக்கிளும் கீழ் எண்ணில் ஒன்றுபோலத்தானே சேர்கின்றன.

மூன்றாவதாக, பொறி வைக்கிற அணிகள். சென்டர் பேக் இருவரும் 15 பாஸ் ஆடட்டும் என்று விட்டுவிட்டு, ஃபுல் பேக்குக்குப் போகும் முதல் பந்தில் மூன்று பேர் பாய்வார்கள். அந்த 15 பாஸும் மேல் எண்ணில் ஏறிவிடும். இதற்கு நான் செய்வது, பட்டையைப் பிரிப்பது. தோழியின் குறியீட்டில் பாஸுக்கு `x < 40`, செயலுக்கு `x > 80` என்று ஒருமுறை. பிறகு பாஸுக்கு 40 முதல் 72, செயலுக்கு 48 முதல் 80 என்று இன்னொருமுறை. முதல் எண் உயர்ந்து இரண்டாவது தாழ்ந்திருந்தால் மிட் பிளாக்கில் பொறி வைக்கிறார்கள் என்று வீடியோவில் தேடத் தொடங்கலாம். முடிவாக எழுதிவிடாமல், எங்கே தேடுவது என்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன்.

சாருக்கு ஒரு யோசனை. அழுத்தத்தில் வெளியே அடித்த பந்துக்குத் தாளில் தனியாக ஒரு கட்டம் போடுங்கள். பிபிடிஏ-வோடு கூட்டாமல் பக்கத்தில் வையுங்கள்.

தரவுத்தோழி | 8 பிப்ரவரி, காலை 8:15

ஸ்டேட்ஸ்பாம்ல `Pressure`னு தனி ஈவென்ட் இருக்கு. பந்து வெச்சிருக்கிற ஆளை சுமார் 5 கஜத்துக்குள்ள நெருங்கினாலே பதிவாகும், உரசணும்னு இல்ல. கோச் சொல்ற 20 நிமிஷத்துல அது நிறைய வந்திருக்கும். `n`ல சேர்க்காதீங்க, அப்புறம் அது பிபிடிஏ-வே இல்ல, வேற எவரோட எண்ணோடயும் ஒத்துப் பார்க்க முடியாது. தனியா ஒரு வரி போடுங்க.

ஃபவுல் விஷயத்துல நான் ரெண்டு விதமாவும் போட்டு வெச்சுக்கறேன். அணிகளோட வரிசை மாறலன்னா பேசறதுக்கு ஒண்ணுமில்ல, மாறினா எந்த மேட்ச்னு போய்ப் பார்ப்பேன்.

குறுக்குக்கோடு | 8 பிப்ரவரி, காலை 10:00

நான் இன்னும் ஃபவுல் இல்லாமல்தான் போடுவேன். ஆனால் 60 சதவீதக் கோடு, எதிரணி பெயர், கீழ் எண் மூன்றையும் பக்கத்தில் எழுதிவிடுகிறேன், படிப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வலதுபக்கம்_7 | 8 பிப்ரவரி, இரவு 10:55

கடைசியா ஒண்ணு. 2019-ல கோல் கிக் விதி மாறினதுக்கு அப்புறம் பந்து பெனால்டி பாக்ஸை விட்டு வெளிய வராமலே கீப்பர் பக்கத்துல இருக்கிற டிஃபெண்டருக்குத் தட்டலாம். அந்த மாதிரி குட்டிப் பாஸெல்லாம் மேல் எண்ல ஏறும்ல? அப்ப 2017-18 பிபிடிஏ-வையும் இப்போதையதையும் எப்படி ஒப்பிடறது? `pass_type`ல `Goal Kick` வர்றதை எடுத்துட்டா போதுமா?

செங்குத்துப்பாஸ் | 9 பிப்ரவரி, காலை 6:30

போதாது. கோல் கிக்கை நீக்கினால் ஒரு பாஸ்தான் கழியும். அதற்குப் பிறகு பாக்ஸுக்குள்ளேயே டிஃபெண்டர் கீப்பருக்கு, கீப்பர் இன்னொரு டிஃபெண்டருக்கு என்று ஆடும் மூன்று நான்கு பாஸ்கள் சாதாரணப் பாஸாகவே பதிவாகும். பாக்ஸின் ஆழத்துக்குள், மைதானத்தின் முழு அகலத்திலும் தொடங்கும் பாஸ் எல்லாவற்றையும் வெட்டலாம், அதாவது `x < 18`. ஆனால் உண்மையான ஹை பிரஸ் நடப்பதே அங்கேதான், அதையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். நான் அந்த இரண்டு காலத்தையும் ஒரே வரைபடத்தில் போடுவதில்லை. சீசனுக்குள் 20 அணிகளில் எத்தனையாவது இடம் என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் வருடம் தாண்டி ஒப்பிடுகிறேன். யாராவது வேறு விதமாகச் செய்து பார்த்திருந்தால் எண்களோடு இங்கேயே போடுங்கள்.

பயிற்சிக்களம் | 9 பிப்ரவரி, மாலை 4:10

கூம்பு வைத்தாயிற்று. இரண்டு மாணவர்கள் ஒரே 15 நிமிடத்தைத் தனித்தனியாக எண்ணினார்கள். பாஸ் 38, 39. செயல் 4, 6. வித்தியாசம் இரண்டும் இன்டர்செப்ஷன்தான். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் ஒன்று ரெக்கவரி என்று முடிவாயிற்று. இன்னொன்றில் இருவரும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பந்து போகும் வழியில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவன் காலை மட்டும் நீட்டினான். அதை என்னவென்று எழுதுவது?